அலுவலகக் குழுவில் கார் பகிர்வுச் செய்தி: வழி, நேரம், காசு மூன்றையும் தெளிவாகத் திருத்தி எழுதுவது

நான் பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். அலுவலகம் பெல்லந்தூர் ஈகோஸ்பேஸ் பக்கம். எங்கள் அலுவலகத்துத் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கார் பகிர்வுக்கு அழைத்துச் செய்தி போட்டு, முதல் தடவை யாரும் வராமல், அதைத் திருத்தி எழுதிய பிறகுதான் இடம் நிறைந்தது. அதிலிருந்து குழுவில் யார் புதிதாக வண்டி எடுத்தாலும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை.

செய்தி போட்டேன், எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. யாருக்கும் விருப்பம் இல்லையா?

விருப்பம் இருந்திருக்கும். முடிவெடுக்கத் தேவையானது செய்தியில் இருந்திருக்காது. நான் முதலில் போட்டது இது:

> கார்பூல் இருக்கு. ராமமூர்த்தி நகர் டு பெல்லந்தூர். காலை 8 மணி வாக்கில். செலவு ஷேரிங். வேணும்கிறவங்க தனியா மெசேஜ் பண்ணுங்க.

எழுதும்போது எல்லாம் சொல்லிவிட்ட மாதிரிதான் இருந்தது. படிக்கிறவர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மகாதேவபுராவில் இருப்பவருக்கு இந்த வண்டி தன் பக்கம் வருமா என்று தெரியாது. 8 மணி என்பது வண்டி கிளம்பும் நேரமா, தன்னிடம் வந்து சேரும் நேரமா என்று தெரியாது. செலவு இருபது ரூபாயா நூறு ரூபாயா தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு "காசு அதிகம், வேண்டாம்" என்று சொல்வது கூடவே வேலை செய்கிறவரிடம் சங்கடமான காரியம். அந்தச் சங்கடத்துக்குப் பதில் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைப்பார்கள். நம்மிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமலேயே "இது எனக்கு ஒத்துவரும்" அல்லது "ஒத்துவராது" என்று அவர்களால் சொல்ல முடிகிற மாதிரி எழுத வேண்டும்.

வழியை எப்படி எழுதுவது? ஏறும் ஊர், இறங்கும் ஊர் போட்டால் போதாதா?

போதாது. எங்கள் வழியில் அது எப்படித் தவறிப் போனது என்று சொல்கிறேன்.

முதல் மாதம், கூட வேலை செய்கிற ஒரு தம்பி இந்திரா நகரிலிருந்து பஸ்ஸில் வந்து டின் பேக்டரியில் ஏறிக்கொள்கிறேன் என்றார். நானும் சரி என்றேன். அவர் ஓல்டு மெட்ராஸ் ரோட்டில், மெஜஸ்டிக் பக்கமிருந்து வரும் பஸ்கள் நிற்கும் இடத்தில் நின்றார். நான் ரிங் ரோட்டில், ஹெப்பாள் பக்கமிருந்து வரும் வழியில் வந்தேன். இரண்டையும் எல்லாரும் டின் பேக்டரி என்றுதான் சொல்வார்கள். "அண்ணா, நான் நிக்கிற இடம் சரிதானே?" என்று அவர் போன் செய்தபோது நான் கூட்டத்தோடு தள்ளப்பட்டு கே.ஆர்.புரம் தொங்குபாலத்துக்கு அருகே போயிருந்தேன். அங்கே நிறுத்தவும் முடியாது, திரும்பி வரவும் முடியாது. அவர் அன்றைக்கு ஆட்டோவில் வந்தார்.

ஊர்ப்பெயர் என்பது ஒரு பெரிய வட்டம். செய்தியில் எழுத வேண்டியது அந்த வட்டத்துக்குள் கார் நிற்கப்போகும் பத்தடி இடம். ரிங் ரோட்டைப் பொறுத்தவரை அதற்கு மூன்று விவரம் வேண்டும். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் அடையாளம்: பஸ் ஸ்டாப், பெட்ரோல் பங்க், நடைமேம்பாலத்தின் படி, எதுவானாலும். இரண்டு, எந்தத் திசைக்குப் போகும் பக்கம். "மாரத்தஹள்ளி போகும் பக்கம்" என்று எழுதினால் யாரும் எதிர்ப்பக்கத்தில் நிற்க மாட்டார்கள். அந்த ரோட்டை இறங்கிக் கடப்பது உயிருக்கே ஆபத்து, அதனால் இந்த மூன்று சொல்லை விடவே விடாதீர்கள். மூன்றாவது விவரத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்: கார் மெயின் ரோட்டில் வருமா, சர்வீஸ் ரோட்டில் வருமா. மேம்பாலத்தில் ஏறிவிட்டாலோ சுரங்கப் பாதையில் இறங்கிவிட்டாலோ பக்கத்துச் சர்வீஸ் ரோட்டில் நிற்பவரைக் கண்ணால் பார்க்கலாம், ஏற்ற முடியாது.

அதோடு, எங்கே நிற்க மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். "டின் பேக்டரியில் நிற்காது" என்ற ஒரு வரியைச் சேர்த்த பிறகு அந்தக் கேள்வி எனக்கு வருவதே இல்லை.

இன்னொன்று, ஏறும் இடங்களைக் குறையுங்கள். வழியில் ஐந்து இடத்தில் நிற்கிறேன் என்றால் தாராளமாகத் தெரியும். ஆனால் சர்வீஸ் ரோட்டில் இறங்கி, நின்று, திரும்ப மெயின் ரோட்டுக்குள் நுழைய ஒரு இடத்துக்கு நாலைந்து நிமிடம் போய்விடும். முதலில் ஏறியவருக்கு அது இருபது நிமிடம். நான் கிளம்பும் இடத்தைத் தவிர ஒரே ஒரு இடம் வைத்திருக்கிறேன், மகாதேவபுரா. மற்றவர்கள் அங்கே வந்துவிடுகிறார்கள்.

நேரத்தை "8 மணி வாக்கில்" என்று போட்டால்தானே மரியாதை? நிமிடக் கணக்குப் போட்டால் கறாராகத் தெரியாதா?

தெரியாது. "வாக்கில்" என்பதை ஆளுக்கு ஒரு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் 7.55க்கே வந்து வெயிலில் நிற்பார், இன்னொருவர் 8.10க்கு வீட்டுக் கதவைப் பூட்டுவார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

ஒவ்வொரு ஏறும் இடத்துக்கும் தனித்தனியாக நேரம் போடுங்கள். பக்கத்திலேயே எவ்வளவு நேரம் காத்திருப்பீர்கள் என்பதையும் போடுங்கள். நான் 3 நிமிடம் என்று வைத்திருக்கிறேன். "7.40 முதல் 7.43 வரை நிற்பேன், அதன்பின் கிளம்பிவிடுவேன், போன் செய்து கேட்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். கடைசிப் பகுதியை எழுதும்போது எனக்கே தயக்கமாக இருந்தது. ஆனால் அதுதான் நட்பைக் காப்பாற்றுகிறது. தாமதமானவரை விட்டுவிட்டுக் கிளம்புவது முன்பே ஒத்துக்கொண்ட ஏற்பாடாக இருந்தால் யாருக்கும் மனக்கசப்பு வராது. ஓட்டுகிற கையில் போனை எடுத்துத் தேட வேண்டிய தேவையும் இல்லை.

சேரும் நேரத்தை மட்டும் ஒரே எண்ணாகப் போடாதீர்கள். கிளம்பும் நேரம் உங்கள் கையில் இருக்கிறது, சேரும் நேரம் இல்லை. இரண்டு வாரம் தினமும் போய்ச் சேர்ந்த நேரத்தைக் குறித்துவைத்து, அதில் சீக்கிரமான நாளையும் தாமதமான நாளையும் எழுதுங்கள். எனக்கு அது 8.30 முதல் 8.50 வரை வந்தது. 8.45 மீட்டிங் உள்ளவர் இதைப் பார்த்ததும் தனக்கு இந்த வண்டி சரிப்படாது என்று தானே முடிவு செய்துகொள்வார். மழை நாளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் பக்கம் ரிங் ரோடே தண்ணீரில் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "கனமழை என்றால் முந்தின இரவு 9 மணிக்குள் சொல்வேன்" என்று ஒரு வரி போதும்.

வழியில் இரண்டாவது இடத்தில் நிற்பவருக்கு ஓர் உதவி: கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை ஒரு மணி நேரத்துக்குப் போட்டுவிடுங்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.

வாரத்தில் எந்த நாள் என்று எழுத வேண்டுமா? எப்படியும் தினமும் ஆபீஸ் இல்லையே.

அதனால்தான் எழுத வேண்டும். பாதி நாள் வீட்டிலிருந்து வேலை என்றான பிறகு ஒவ்வொரு டீமுக்கும் வேறு வேறு நாள். நாளைச் செய்தியின் முதல் வரியிலேயே போடுங்கள். ஒத்துவராதவர் அதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது. "பார்த்துக் கொடுங்கள்" என்று விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பார்த்துக் கொடுங்கள் என்றால் எவ்வளவு கொடுப்பது என்ற பாரம் வருகிறவர் தலையில் ஏறுகிறது. சிலர் அதிகம் கொடுப்பார்கள், சிலர் காபி வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள், சிலர் அந்தச் சங்கடத்துக்காகவே வராமல் நின்றுவிடுவார்கள். தொகையை நீங்களே எழுதுங்கள். எப்படி வந்தது என்ற கணக்கையும் ஒரு வரியில் காட்டுங்கள். கணக்குத் தெரிந்தால் கூச்சம் இரண்டு பக்கமும் போய்விடும்.

என் கணக்கைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து அலுவலகம் வரை என் வண்டி மீட்டர்படி 15 கிலோமீட்டர். அடுத்தது மைலேஜ். வண்டி வாங்கும்போது சொன்ன எண்ணை எடுக்காதீர்கள், அது இந்த ரோட்டில் கிடைக்கவே கிடைக்காது. டேங்கை நிரப்புங்கள், டிரிப் மீட்டரை பூஜ்யமாக்குங்கள், ஒரு வாரம் அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டுங்கள், மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ். எனக்கு 12 வந்தது. ஆக ஒரு வழிக்கு 1.25 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 103 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 129 ரூபாய்.

இதை எத்தனை பேரால் வகுப்பது என்பதில்தான் சண்டை வரும். என் பதில்: நாலால். வருகிறவர்கள் மூன்று பேர், ஓட்டுகிற நான் ஒருத்தன். நான் அதே அலுவலகத்துக்குத்தானே போகிறேன். என் பங்கை மற்றவர்கள் தலையில் கட்டக்கூடாது. தலைக்கு 32 ரூபாய் வருகிறது. நான் அதை 30 ஆகக் குறைத்தேன், 35 ஆக ஏற்றவில்லை. மகாதேவபுராவில் ஏறுகிறவர் வருவது 10 கிலோமீட்டர்தான், அதே கணக்கில் 21 ரூபாய் சொச்சம், அதை 20 ஆக்கினேன்.

அன்றன்றைக்கு எத்தனை பேர் வந்தார்களோ அத்தனையால் வகுக்கலாமே என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து சீட்காரர் லீவு போட்டால் உங்கள் காசு ஏறுகிறது, தினமும் தொகை மாறுகிறது, வெள்ளிக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருக்கிறது. நிலையான தொகை போட்டால் ஆள் குறைந்த நாளில் எனக்குத்தான் இழப்பு. பரவாயில்லை, அந்த வண்டி எப்படியும் கிளம்பத்தான் போகிறது.

கார் கடன் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் செலவு எதையும் இதில் சேர்க்காதீர்கள். அவை நீங்கள் தனியாக ஓட்டினாலும் உண்டு. சுங்கம் உள்ள வழியென்றால், உதாரணமாக எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அதைத் தனி வரியாக எழுதி நாலால் வகுங்கள். பெட்ரோலோடு கலந்து ஒரே தொகையாக்கினால் பிறகு யாருக்கும் புரியாது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத நாளுக்குக் காசு கேட்கலாமா?

முந்தின இரவு சொல்லிவிட்டால் கேட்காதீர்கள். காலையில் சொன்னால், அந்த இடத்துக்கு இன்னொருவரை அழைத்திருக்கலாம் என்பதால் அன்றைய பங்கு உண்டு. எது இரவு, எது காலை என்பதற்கு ஒரு மணி வையுங்கள். நான் இரவு 9 வைத்திருக்கிறேன். உடம்பு சரியில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நான் கேட்டதில்லை. ஆனால் அதைச் செய்தியில் எழுத வேண்டாம், அது ஆளைப் பார்த்துச் செய்வது.

வசூலை வெள்ளிக்கிழமை ஒரே தடவையில் யுபிஐயில் முடியுங்கள். தினமும் சில்லறை கைமாறினால் வண்டியின் பேச்சே மாறிவிடும்.

வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் காசு வாங்கினால் சட்டப் பிரச்சினை வருமா?

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டக் கூடாது. அப்படி ஆள் ஏற்ற மோட்டார் வாகனச் சட்டம் 66ஆம் பிரிவுப்படி பெர்மிட் வேண்டும்; இல்லாமல் ஓட்டினால் 192ஏ பிரிவில் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் வரலாம். 2023இல் கார்பூல் ஆப்களைப் பற்றிப் பெங்களூரில் எழுந்த பிரச்சினையின் அடிப்படையும் இதுதான்: வெள்ளை பிளேட் வண்டி, காசு வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஆட்கள்.

கூட வேலை செய்கிறவர்கள் பெட்ரோல் செலவைப் பங்கிடுவது அதிலிருந்து தள்ளி நிற்கிற விஷயம். அந்தத் தூரத்தைக் காப்பது நாம் நடந்துகொள்கிற விதம். வாங்கும் தொகை எந்த நாளும் உண்மையான செலவைத் தாண்டக் கூடாது. நாலால் வகுத்து, கீழ்ப்பக்கமாக முழுமையாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்: மூன்று பேரும் வந்து 90 ரூபாய் கொடுத்தாலும் 129 ரூபாய்ச் செலவில் 39 ரூபாய் என்னுடையது. செய்தியிலும் "வாடகை", "சார்ஜ்", "சீட்டுக்கு இவ்வளவு" என்ற சொற்களைத் தவிர்த்து "பெட்ரோல் பங்கு" என்றே எழுதுங்கள். லாபம் வைத்துவிட்டுச் சொல்லை மட்டும் மாற்றினால் அது காப்பாற்றாது.

இன்சூரன்ஸையும் பாருங்கள். தனியார் கார் பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று உபயோகக் கட்டுப்பாடு பகுதியில் இருக்கும். பாலிசித் தாளில் அந்தப் பத்தியைத் தேடிப் படித்துவிட்டு, சக ஊழியர்களோடு பெட்ரோலைப் பங்கிடுவது அதில் வருமா என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். உடன் வருகிறவர்களுக்கான விபத்துக் காப்பு பெரும்பாலும் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டியது; புதுப்பிக்கும்போது சேர்க்கச் சொல்லுங்கள்.

சாயங்காலம் திரும்பி வருவதையும் சேர்த்து எழுதலாமா?

உறுதியாகச் சொல்ல முடிந்தால் மட்டும். எனக்குச் சாயங்காலம் எப்போது முடியும் என்றே தெரியாது. அதனால் "காலையில் போக மட்டும்" என்று எழுதிவிட்டேன். திரும்பும் நாளில் இடமிருந்தால் 5 மணிக்குக் குழுவில் ஒரு வரி போடுகிறேன், வருகிறவர் வரலாம்.

பெண்கள் வரத் தயங்குகிறார்கள். செய்தியில் என்ன எழுதினால் சரியாகும்?

"பெண்கள் தைரியமாக வரலாம்" என்று எழுதாதீர்கள், அது எதையும் சொல்வதில்லை. யார் ஓட்டுகிறார், எந்த டீம், ஏற்கெனவே யார் வருகிறார்கள் என்பதை அவர்களின் சம்மதத்தோடு எழுதுங்கள். எங்கள் வண்டியில் டெஸ்டிங் டீம் அக்கா ஒருவர் சேர்ந்த பிறகுதான் மற்ற இருவரும் கேட்டார்கள். பின்சீட்டில் எத்தனை பேர் என்பதையும் சொல்லுங்கள். சின்ன வண்டியில் பின்னால் மூன்று பேரை நெருக்குவது யாருக்கும் பிடிக்காது. நான் பின்னால் இருவர், முன்னால் ஒருவர் என்று நிறுத்திக்கொண்டேன்.

சரி, முழுச் செய்தியையும் எழுதிக் காட்டுங்கள்.

இப்போது குழுவில் இருப்பது இது. பெயரும் எண்ணும் மட்டும் எடுத்திருக்கிறேன்.

> கார்பூல்: செவ்வாய், புதன், வியாழன். காலையில் போக மட்டும். 3 இடம் (முன்னால் 1, பின்னால் 2).
>
> வழி: ராமமூர்த்தி நகர், ரிங் ரோடு, மகாதேவபுரா, மாரத்தஹள்ளி, பெல்லந்தூர் ஈகோஸ்பேஸ் கேட். டின் பேக்டரியிலும் தொங்குபாலத்திலும் நிற்காது.
>
> ஏறும் இடம் 1: ராமமூர்த்தி நகர் ரிங் ரோடு பஸ் ஸ்டாப், டின் பேக்டரி போகும் பக்கம், சர்வீஸ் ரோடு. 7.40.
>
> ஏறும் இடம் 2: மகாதேவபுரா பஸ் ஸ்டாப், மாரத்தஹள்ளி போகும் பக்கம், சர்வீஸ் ரோடு. 8.00.
>
> இரண்டு இடத்திலும் 3 நிமிடம் நிற்பேன். அதன்பின் போன் செய்யாமல் கிளம்பிவிடுவேன், தப்பாக நினைக்க வேண்டாம். 7.40க்கு லைவ் லொக்கேஷன் போடுவேன்.
>
> சேரும் நேரம்: 8.30 முதல் 8.50க்குள்.
>
> பெட்ரோல் பங்கு: இடம் 1லிருந்து 30 ரூபாய், இடம் 2லிருந்து 20 ரூபாய். (15 கி.மீ., மைலேஜ் 12, லிட்டர் 103 ரூபாய், என்னையும் சேர்த்து நாலு பேர்.) வெள்ளிக்கிழமை யுபிஐ.
>
> வராத நாள்: முந்தின இரவு 9 மணிக்குள் சொன்னால் காசு இல்லை. நான் வராவிட்டாலும் 9 மணிக்குள் சொல்வேன்.
>
> வேண்டும் என்றால்: உங்கள் பெயர், ஏறும் இடம் 1 அல்லது 2, எந்த நாட்கள் என்று இங்கேயே பதில் போடுங்கள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். தனியாக மெசேஜ் செய்யுங்கள் என்றால் எந்த இடம் போய்விட்டது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. குழுவிலேயே பதில் வந்தால் அது எல்லாருக்கும் தெரியும், நீங்களும் ஒரே பதிலை நாலு பேருக்கு எழுத வேண்டாம்.

இவ்வளவு நீளமாக இருந்தால் யார் படிப்பார்கள்?

முதல் வரியும், தங்கள் ஏறும் இடத்தின் வரியும், காசு வரியும் படிப்பார்கள். அதனால்தான் ஒவ்வொன்றும் தனி வரியில் தலைச்சொல்லோடு இருக்கிறது; குழுவில் அந்தத் தலைச்சொல் தடித்த எழுத்தில் தெரியும். வாட்ஸ்அப்பில் சொல்லின் இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டால் தடித்துவிடும். பத்தியாக எழுதியிருந்தால் இதில் பாதி நீளத்தைக்கூட யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

பெட்ரோல் விலையோ வழியோ மாறினால்?

விலை நாலைந்து ரூபாய் ஏறினால் தொகையை மாற்றாதீர்கள்; 103 என்பது 107 ஆனாலும் தலைக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான் கூடும். வழி மாறினால் காத்திருக்காமல் அன்றைக்கே சொல்லுங்கள். ரிங் ரோட்டில் மெட்ரோ வேலைக்காகச் சர்வீஸ் ரோட்டை அடைத்துத் திருப்பிவிடுவது சகஜம். ஏறும் இடம் ஐம்பது அடி தள்ளிப் போனாலும் புது அடையாளத்தை ஒரு போட்டோவோடு அனுப்புங்கள்.

இடம் நிறைந்த பிறகு பழைய செய்தியை என்ன செய்வது?

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். அதன்பின் முடியாது. அதனால் செய்தியை போனில் நோட்ஸில் வைத்துக்கொண்டு, மாற்றம் வரும்போது புதிதாகப் போடுங்கள், முதல் வரியில் தேதியோடு. நிறைந்துவிட்டால் பழைய செய்திக்கே பதிலாக "இடம் இல்லை, செவ்வாய் மட்டும் ஒன்று காலி" என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துக் குழுவில் சேர்ந்த புதியவர் பழைய செய்தியைத் தேடி எடுத்து 7.40க்கு வந்து நின்ற கதை எங்களுக்கு நடந்திருக்கிறது. அன்றைக்கு வண்டியில் இடம் இல்லை. நாங்கள் கண்ணாடியை இறக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளம்பினோம்.